அந்த 'டா' திரும்பிப் போகுமா?

அடையாறில் ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் தோழர் ஒருவர் போன மாதம் தன் கைபேசியை என்னிடம் நீட்டினார். இயக்குநரிடமிருந்து இரவு பத்தேகாலுக்கு வந்த வாட்ஸ்அப் செய்தி: "டேய் கண்ணா, அந்த ரிப்போர்ட் என்னடா ஆச்சு? நீ நம்ம வீட்டுப் பிள்ளை, பாத்துக்கோ."

"அன்பாத்தானே பேசுறார், இதுல என்ன தப்புன்னு தெரியலை. ஆனா பதில் போட அரை மணி நேரம் ஆச்சு" என்றார். கடைசியில் அவர் அனுப்பியது, "ஓகே சார்."

அந்த அரை மணி நேரத்தில்தான் விஷயம் இருக்கிறது. இயக்குநரின் 'கண்ணா'வுக்கு இவர் 'கண்ணா' போட முடியாது. ஒரு பக்கம் மட்டுமே போகக்கூடிய அன்பு, அதிகாரத்தின் இன்னொரு உடுப்பு. இதைவிடச் சிக்கல், எப்போது வேண்டும் என்று அந்தச் செய்தியில் எங்கும் இல்லை. 'இன்றிரவு முடியாது சார்' என்று சொன்னால் அது வேலையை மறுப்பதாக இருக்காது, வீட்டுப் பிள்ளை நன்றி கெட்டுப் போனதாக ஆகிவிடும்.

பழைய அரசு நிர்வாகம் இந்த இடைவெளியை அறிந்திருந்தது. பெசன்ட் நகர் ராஜாஜி பவன் போன்ற மத்திய அரசு அலுவலகங்களில் நேர்முகக் கடிதம் என்று ஒரு வகை உண்டு. பெயர் சொல்லி விளித்து, 'நான்' என்று தன்மையில், நட்பான தொனியில் எழுதுவது. அதை ஒத்த பதவியில் இருப்பவருக்கோ, ஓரிரு படி மேலோ கீழோ இருப்பவருக்கோ எழுதுவதே முறை. அந்த நிர்வாகத்தை நான் புகழ வரவில்லை, அதன் சாதி நமக்குத் தெரியும். ஆனால் நட்புத் தொனிக்குப் படிக்கணக்கு வேண்டும் என்பது அங்கே புரிந்திருந்தது. வாட்ஸ்அப்பில் அந்தக் கணக்கு இல்லை. ஆறு படி மேலிருந்து 'டா' நேராக வந்து விழுகிறது.

நமக்கு அந்த எழுத்து வெறும் எழுத்தும் அல்ல. எழுபது வயதுத் தாத்தாவை ஊர்த்தெருச் சிறுவன் 'வாடா' என்று கூப்பிட்டதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மில் பலர். இயக்குநர் அதை நினைத்து எழுதியிருக்க மாட்டார். படிப்பவருக்கு நினைவு வரும்.

அதற்காக மேலதிகாரி மரக்கட்டையாக எழுத வேண்டியதில்லை. "வணக்கம். அறிக்கை நாளை மதியம் 3 மணிக்குள் வேண்டும். முடியாதென்றால் காலையிலேயே சொல்லுங்கள். அம்மாவுக்குக் காய்ச்சல் என்றீர்களே, இப்போது எப்படி இருக்கிறார்?" இதில் அக்கறை இருக்கிறது, 'நீங்கள்' இருக்கிறது, மறுக்க இடமும் இருக்கிறது. இதே மரியாதையில் பதில் எழுத இளையவருக்கும் முடியும். ஒரே மேசையில் உட்காரும் இருவர் ஒருவரையொருவர் 'டா' போட்டுக்கொண்டால் அதில் எனக்கு ஒரு புகாரும் இல்லை.

தோழர் இப்போது ஒன்று செய்கிறார். 'கண்ணா' வந்தால், "சார், எத்தனை மணிக்குள் வேண்டும்?" என்று மட்டும் கேட்கிறார். இரண்டு முறை நேரம் பதிலாக வந்ததாம். மூன்றாம் முறை வந்த செய்தியில் 'நீங்க' இருந்ததாம்.