மணமான பின்னும் மாறாத பெயர்

ஹைதராபாதின் இறகுப்பந்து வீராங்கனை பி. வி. சிந்துவின் பெயரில் முதலில் நிற்கும் ‘புசர்லா’ என்பது, தெலுங்கு வழக்கில் ‘இண்டி பேரு’ எனப்படும் குடும்பப் பெயர். மணமான பெண் கணவர் வீட்டின் இண்டி பேரை ஏற்பது அங்குள்ள வழக்கம். ஆயினும் 2024 டிசம்பரில் மணம் புரிந்த பின்னரும் சிந்து பழைய பெயரிலேயே ஆடிவருகிறார். அதே நகரின் டென்னிஸ் வீராங்கனை சானியா மிர்சாவும் 2010இல் மணமானபின் தம் பெயரை மாற்றவில்லை. அவர்களுடைய வெற்றிகளும் தரவரிசையும் அப்பெயர்களிலேயே பதிவாகியிருந்தன.

பட்டச் சான்றிதழ், மருத்துவப் பதிவு, வருங்கால வைப்பு நிதிக் கணக்கு ஆகியவற்றைத் தம் பெயரில் ஈட்டிய பெண்ணுக்கும் இக்காரணம் பொருந்தும். திருமணத்தால் பெண்ணின் பெயர் தானாக மாறும் என்றோ, மாற்றியே ஆகவேண்டும் என்றோ இந்தியச் சட்டம் கூறவில்லை.

இடையூறு பெரும்பாலும் பாதி மாற்றத்தால் விளைகிறது. ஹைதராபாதில் பணிபுரியும் தமிழ்ப் பொறியாளர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அவர் பெயர் ‘ஆர். கவிதா’, முதலெழுத்து தந்தையுடையது. மணமானபின் முகவரியை மாற்றச் சென்றவர், ஆதாரில் ‘கவிதா சுரேஷ்’ என்று பெயரையும் மாற்றிவிடுகிறார். பான் அட்டையும் சம்பளக் கணக்கும் பழைய பெயரில் நிற்கின்றன. இனி ஆதாரையும் பானையும் இணைக்கும்போது பெயர் பொருந்தாமல் போகலாம். வைப்பு நிதியைப் பெறும் விண்ணப்பமும் தடைப்படலாம். ‘கவிதா சுரேஷ்’ என்றெழுதிய திருமணப் பரிசுக் காசோலையை ‘ஆர். கவிதா’வின் கணக்கில் சேர்ப்பதிலும் கேள்வி எழும்.

அவருக்குத் தேவைப்பட்டது முகவரி மாற்றம் மட்டுமே. ஆதாரில் பெயரைத் தொடாமலே முகவரியை மாற்றலாம். கடவுச்சீட்டில் தம் பெயரை மாற்றாமலே கணவர் பெயரைச் சேர்க்கலாம். பான் விண்ணப்பமோ மணமான பெண்ணிடமும் தந்தை பெயரையே கேட்கிறது. கணவர் பெயரைக் கேட்பதில்லை. கணவருடன் கூட்டுக் கணக்குத் தொடங்கவும் இருவருக்கும் ஒரே குடும்பப் பெயர் வேண்டியதில்லை.

விரும்பிப் பெயரை மாற்றுவோருக்கும் வழி உண்டு. மாற்றத்துக்கு முன் பெற்ற அடையாள ஆவணத்துடன், மாநில அரசு வழங்கிய திருமணச் சான்றிதழோ பெயர் மாற்றத்தைக் காட்டும் அரசிதழ் அறிவிப்போ இருந்தால், அதனை ஏற்க ரிசர்வ் வங்கியின் வாடிக்கையாளர் அறிதல் விதிகள் இடமளிக்கின்றன. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இருமுறை மட்டுமே திருத்தலாம் என்பதை மட்டும் நினைவில் கொள்ளவேண்டும்.

எப்பெயர் வேண்டும் என்பதை அப்பெண்ணே முடிவு செய்யட்டும். முடிவு எதுவாயினும், ஆதார், பான், வங்கிக் கணக்கு, வைப்பு நிதி ஆகிய நான்கிலும் அப்பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கவேண்டும் என்பதே நம் கருத்து. மணமானவர் என்பதை அறிந்ததும் படிவத்தில் கணவர் பெயரைத் தாமாகவே இணைத்தெழுதும் பழக்கத்தை அலுவலகங்களும் கைவிடவேண்டும்.