இருமுறை எண்ணப்பட்ட சொற்கள்: ஷெட்யூலர் இருக்க வேண்டிய இடம் எது?

தரவக மொழியியலில் ஒரு சொல்லின் நிகழ்வெண்ணே முதற்சான்று. அந்த எண் எவ்வாறு பெறப்பட்டது என்பதை விளக்க முற்படும் ஆய்வேடுகள், மூலங்களையும் கால எல்லையையும் சொற்களைப் பிரித்த விதிகளையும் தவறாமல் குறிப்பிடுகின்றன. எண்ணும் நிரல் நாளொன்றுக்கு எத்தனை முறை ஓடியது என்று எவரும் கேட்பதில்லை. ஒருமுறைதான் ஓடியிருக்கும் என்று எழுதுபவரும் படிப்பவரும் சொல்லாமலே ஏற்றுக்கொள்கின்றனர். எண்ணும் பணி ஓர் இணையச் செயலிக்குள் வைக்கப்பட்டிருந்தால் இந்த நம்பிக்கை எளிதில் பொய்த்துவிடும். அவ்வாறு பொய்க்கும்போது பழியைப் பைத்தான் நிரலகத்தின் மீது போடுவதே வழக்கமாக உள்ளது. அந்தப் பழி பொருந்தாது. பிழை, நேரம் பார்த்துப் பணியைத் தொடங்கும் பொறுப்பை அதற்குரியதல்லாத இடத்தில் வைத்ததில் இருக்கிறது.

ஒரு பல்கலைக்கழக மொழியியல் துறையை எடுத்துக்கொள்ளலாம். இரண்டு நாளிதழ்களின் இணையப் பக்கங்களை நாள்தோறும் அதிகாலை இரண்டு மணிக்குத் திரட்டி, அன்றைய சொல்லெண்ணிக்கையைத் தரவுத்தளத்தில் கூட்டிவைப்பது அங்குள்ள ஆய்வுக்குழுவின் திட்டம். தேடலுக்கென ஃபிளாஸ்கில் எழுதிய இணையச் செயலி ஒன்று குழுவிடம் முன்னரே இருக்கிறது. ஆகவே ஏபிஷெட்யூலர் என்னும் நிரலகத்தை அதிலேயே சேர்த்துவிடுகின்றனர்:

```python
app = Flask(__name__)
sched = BackgroundScheduler(timezone="Asia/Kolkata")
sched.add_job(collect, "cron", hour=2)
sched.start()
```

ஆய்வாளரின் மடிக்கணினியில் இது பிழையின்றி ஓடும். பின்னர் செயலி துறையின் சர்வருக்கு மாற்றப்பட்டு, அங்கே கூனிகார்ன் வழியாகத் தொடங்கப்படுகிறது:

```
gunicorn --workers 2 app:app
```

அன்றிரவே எண்ணிக்கை இரட்டிக்கத் தொடங்குகிறது.

காரணம் சிக்கலானதன்று. பல வாசகர்கள் ஒரே நேரத்தில் தேடினாலும் தடையின்றி விடை தருவதற்காகக் கூனிகார்ன் தன்னிலிருந்து சில பிராசஸ்களைப் பிரித்தெடுக்கிறது. இவையே வொர்க்கர்கள். ஒவ்வொரு வொர்க்கரும் செயலியின் கோப்பைத் தனித்தனியே ஏற்றுகிறது. ஏற்றும்போது கோப்பின் மேல்நிலையில் உள்ள எல்லா வரிகளும் ஓடும். `sched.start()` என்ற வரியும் அவற்றுள் ஒன்று. எனவே இரண்டு வொர்க்கர்களுக்கு இரண்டு ஷெட்யூலர்கள். பிராசஸ்களுக்குப் பொதுவான நினைவகம் இல்லை. ஒரு ஷெட்யூலருக்கு மற்றொன்று இருப்பதே தெரியாது. இரண்டும் தத்தம் அட்டவணைப்படி சரியாக இரண்டு மணிக்கு எழுந்து, பணியை ஒழுங்காகச் செய்துமுடிக்கின்றன. நிரலகம் தனக்கிட்ட ஆணையை நிறைவேற்றியது, கூனிகார்னும் அவ்வாறே. ஒரு பணி ‘ஒருமுறை’ நடக்க வேண்டும் என்ற ஆணையை யாருக்கும் எவரும் இடவில்லை.

இதனால் விளையும் கேடு என்ன? இரு நாளிதழ்களின் எண்ணிக்கையும் ஒரே அளவில் பெருகுவதால் விழுக்காடுகள் மாறமாட்டா. வரைபடத்தின் வடிவமும் மாறாது. பிழை கண்ணில் படாமல் நீடிப்பதற்கு இதுவே காரணம். முக்கியத்துவச் சோதனையில்தான் அதன் விளைவு வெளிப்படும். ஒரு சொல் முதல் நாளிதழில் 10,000 சொற்களுக்கு 60 முறையும், இரண்டாம் நாளிதழில் 10,000 சொற்களுக்கு 45 முறையும் வந்ததாகக் கொள்க. கை-வர்க்க மதிப்பு ஏறத்தாழ 2.15. ஐந்து விழுக்காட்டு எல்லைக்குரிய மதிப்பு 3.84 ஆகையால் இவ்வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம் என்பதே நேர்மையான முடிவு. பணி இருமுறை ஓடியிருந்தால் அட்டவணையில் 20,000 சொற்களுக்கு 120 என்றும், 20,000 சொற்களுக்கு 90 என்றும் பதிவாகியிருக்கும். விகிதங்கள் அவையே; கை-வர்க்க மதிப்போ 4.31 ஆகி எல்லையைக் கடந்துவிடுகிறது. இல்லாத கண்டுபிடிப்பு ஒன்று பிறந்துவிட்டது. புதிய சான்று எதுவும் வரவில்லை. பழைய சான்றே இன்னொரு முறை கையெழுத்திட்டிருக்கிறது.

எல்லாவற்றையும் இரண்டால் வகுத்துவிட்டால் போதாதா என்று தோன்றலாம். ஒவ்வொரு நாளும் உறுதியாக இருமுறை எண்ணப்பட்டிருந்தால்தான் அது பொருந்தும். நிரல் பழைய மொத்தத்தைப் படித்து, பைத்தானில் கூட்டி, திரும்ப எழுதும் வகையினதாக இருந்தால், சில நாள்களில் இரு வொர்க்கர்களும் ஒரே பழைய மொத்தத்தைப் படித்திருக்கும். பின்னதன் எழுத்து முன்னதை அழித்து, அன்றைய எண் தற்செயலாகச் சரியாக அமைந்திருக்கும். ஆக, சில நாள்கள் இரட்டை, சில நாள்கள் ஒற்றை. மூல உரைகளை நாள்வாரியாகச் சேமித்து வைத்திருந்தால் மீண்டும் எண்ணிக்கொள்ளலாம். எண்களை மட்டும் வைத்திருந்தால் மீட்பதற்கு வழியில்லை.

இந்நிலையைக் கண்டறிவது கடினமன்று. பணி தொடங்கும்போது `os.getpid()` தரும் பிராசஸ் எண்ணை லாகில் பதியச் செய்தால் போதும். ஒரே நாளின் இரண்டு மணிக்கு நேரே இரு வேறு பிராசஸ் எண்கள் காணப்பட்டால் ஐயத்திற்கு இடமில்லை. ஒரே எண் இருமுறை வந்தால் நோய் வேறு: ஒரே ஷெட்யூலரில் அப்பணி இருமுறை சேர்க்கப்பட்டிருக்கிறது.

பரிந்துரைக்கப்படும் மருந்துகளுள் மூன்றை ஆராய்வது தகும். முதலாவது `max_instances=1`. பெயர் நம்பிக்கையூட்டுவது, ஆனால் அது ஒரு ஷெட்யூலருக்குள் ஒரே பணியின் இரு ஓட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதை மட்டுமே தடுக்கிறது. அடுத்த பிராசஸின் மீது அதற்கு அதிகாரமில்லை. மேலும் அதன் இயல்பான மதிப்பே ஒன்றுதான். எழுதினாலும் எழுதாவிட்டாலும் விளைவு ஒன்றே.

இரண்டாவது, பணிப்பட்டியலைப் பொதுவான தரவுத்தளம் ஒன்றில் வைப்பது. பட்டியல் ஒன்றாகிவிட்டால் ஓட்டமும் ஒன்றாகிவிடும் என்பது இதன் பின்னுள்ள எண்ணம். பணிக்கு நிலையான `id`-யும் `replace_existing=True`-வும் கொடுத்திருந்தால் பட்டியலில் ஒரே வரிதான் இருக்கும் என்பது உண்மை. ஆனால் இரண்டு மணிக்கு இரு ஷெட்யூலர்களும் அந்த ஒரே வரியைப் படித்து, நேரம் வந்துவிட்டது என்று இரண்டுமே முடிவுசெய்யும். ஏபிஷெட்யூலரின் 3ஆம் வரிசையில் பிராசஸ்களுக்கிடையே ஒத்திசைவு ஏற்பாடு எதுவுமில்லை; பட்டியலை அவ்வாறு பகிரக்கூடாது என்று அதன் ஆவணமே வெளிப்படையாகச் சொல்கிறது.

மூன்றாவது கூனிகார்னின் `--preload`. இது நுட்பமாக ஏமாற்றுவது. செயலி முதலில் தாய்ப் பிராசஸில் ஒருமுறை ஏற்றப்பட்டு, அதன் பிறகே வொர்க்கர்கள் பிரிகின்றன. பிராசஸ் பிரியும்போது பிரிக்கும் ஆணையை இட்ட இழை மட்டுமே சேய்க்குச் செல்லும். ஷெட்யூலரின் இழை தாயிடமே தங்கிவிடுவதால் பணி ஒருமுறைதான் ஓடுகிறது. ஆனால் சேய்களிடம் ஷெட்யூலரின் உடல் இருக்கிறது, உயிர் இல்லை. பயனர் ஒருவர் செயலி வழியாகப் புதிய பணியொன்றைச் சேர்த்தால் அது சேயின் நினைவகத்தில் ஏற்றுக்கொள்ளப்படும், பிழைச்செய்தி வராது, பணி ஒருநாளும் ஓடாது. இருமுறை ஓடுவதைத் தவிர்க்கப்போய் ஒருமுறையும் ஓடாத நிலைக்கு வந்து சேர்வது தீர்வாகாது. செயலி இரண்டாவது சர்வரிலும் நிறுவப்பட்டால் பழைய இரட்டிப்பும் திரும்பிவிடும்.

சரியான ஏற்பாடு இரண்டு படிகளைக் கொண்டது. முதற்படி, ஷெட்யூலரை இணையச் செயலியிலிருந்து வெளியேற்றுவது. வொர்க்கர்கள் வாசகர் கூட்டத்திற்கேற்பக் கூடவும் குறையவும், தேவைப்படின் மடிந்து மீண்டும் பிறக்கவும் வேண்டியவை. ஷெட்யூலரோ எண்ணிக்கையில் ஒன்றாக மட்டுமே இருக்க வேண்டியது. இயல்பில் முரண்படும் இவ்விரண்டையும் ஒரே உறையில் இடுவதற்குக் காரணம் பெரும்பாலும் வசதியே: சர்வரின் கட்டளைத்திரை ஆய்வு மாணவருக்குக் கிடைப்பதில்லை, இணையச் செயலியின் கோப்புறை கிடைக்கிறது. அந்த அனுமதியைக் கேட்டுப்பெற்று லினக்ஸின் `cron` வழியாகவோ, ஷெட்யூலரை மட்டும் தொடங்கும் தனிக்கோப்பு வழியாகவோ பணியை ஓட்டுவதே முறை.

எனினும் இது மட்டும் போதாது. தனிக்கோப்பையும் யாரேனும் இருமுறை தொடங்கிவிடலாம். பாதியில் நின்ற பணியைக் கையால் மீண்டும் ஓட்டலாம். ஆகவே இரண்டாம் படி: ஒரு மூலத்தின் ஒருநாள் எண்ணிக்கை ஒருமுறைதான் ஏற்கப்படும் என்பதைத் தரவுத்தளமே காக்கும்படி செய்வது. போஸ்ட்கிரஸில் அது இரண்டு ஆணைகள்:

```sql
CREATE UNIQUE INDEX one_run ON runs (source, run_date);

INSERT INTO runs (source, run_date)
VALUES ('paper_a', '2024-07-01') ON CONFLICT DO NOTHING;
```

முதல் ஆணையை ஒருமுறை இட்டால் போதும். இரண்டாவதை ஒவ்வொரு ஓட்டமும் முதலில் இடுகிறது. வரி சேர்ந்தால் எண்ணிக்கையைக் கூட்டலாம். சேரவில்லையெனில் வேலை முன்னரே முடிந்தது எனக் கொண்டு விலக வேண்டும். இவ்வரியைச் சேர்ப்பதும் எண்ணிக்கையைக் கூட்டுவதும் ஒரே பரிவர்த்தனைக்குள் நிகழ வேண்டும் என்பதே இதன் உயிர்நாடி. அப்போது இடையில் மின்சாரம் போனால் இரண்டுமே இல்லாமற்போகும். மறு ஓட்டம் புதிதாகத் தொடங்கும். ஒரே கணத்தில் இரு பிராசஸ்கள் வந்தால், முதலாவது முடியும்வரை இரண்டாவது காத்திருந்து, பின் விலகும்.

இக்காப்பு தரவுத்தளத்தின் எல்லைக்குள் மட்டுமே செல்லும். பணி மின்னஞ்சல் அனுப்புவதாக இருந்தால், அனுப்பிய மடலைத் தரவுத்தளம் திரும்பப் பெறாது. வரியை முதலில் உறுதிசெய்தால் சிலருக்கு மடல் போகாமலிருக்கலாம். மடலை முதலில் அனுப்பினால் சிலருக்கு இருமுறை போகலாம். எந்தப் பிழையைப் பொறுத்துக்கொள்வது என்பதை நிரல் தீர்மானிக்க இயலாது. திட்டத்தை வகுப்பவர்தாம் தீர்மானிக்க வேண்டும்.

சொல்லெண்ணிக்கைக்கு அத்தகைய இடர்ப்பாடு எதுவும் இல்லை. இரண்டு ஆணைகளில் காக்கக்கூடிய ஒன்றைக் காக்காமல் விடுவதற்கு நியாயமும் இல்லை. தானியங்கித் திரட்டலை நம்பி எழுதப்படும் ஆய்வேடுகளின் முறையியல் இயல், பணி எந்தப் பிராசஸில் ஓடியது, இரட்டைப் பதிவைத் தடுத்தது எது என்ற இரு செய்திகளையும் ஒரு பத்தியிலேனும் தர வேண்டும். நெறியாளர்களும் தேர்வாளர்களும் அப்பத்தியைக் கேட்டுப் பெறலாம். 4.31 என்ற எண்ணைத் தனியே பார்த்து, அது 2.15-ஆக இருந்திருக்க வேண்டியது என்று எந்தத் தேர்வாளராலும் கண்டுகொள்ள முடியாது.