சராசரி 9 அழைப்பு. சேனல் மட்டும் ஏன் 15?

போனில் சிக்னல் கோடுகள் முழுசாக நிற்கும். பேலன்ஸும் இருக்கும். ஆனாலும் பச்சைப் பொத்தானை அழுத்தியதும் 'பீப் பீப் பீப்' என்று வேகமாக ஒலித்து, 'நெட்வொர்க் பிஸி' என்று திரையில் வந்து அடங்கிவிடும். எதிர்முனையில் இருப்பவர் பேசிக்கொண்டிருந்தால் வருகிற எங்கேஜ்டு டோன் வேறு. இது, உங்கள் பகுதி டவரில் பேசுவதற்கு ஒரு சேனல்கூட மிச்சமில்லை என்பதற்கான அடையாளம்.

அப்படியென்றால் ஒரு டவரில் எத்தனை சேனல் இருக்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு செல்போன் வருவதற்கு வெகுகாலம் முன்பே விடை கண்டுபிடித்தவர், டென்மார்க் நாட்டுக் கணித அறிஞர் ஏ.கே. எர்லாங். 1908-ல் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். எத்தனை லைன் போட்டால் எத்தனை வாடிக்கையாளர்களுக்கு இணைப்பு கிடைக்காமல் போகும் என்று கணக்கிடும் சூத்திரத்தை 1917-ல் வெளியிட்டார். தொலைபேசிப் போக்குவரத்தை அளக்கும் அலகுக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்.

ஒரு எர்லாங் என்பது எளிய விஷயம்தான். ஒரு லைன் ஒரு மணி நேரம் முழுக்க, இடைவெளியே இல்லாமல் பேச்சில் இருந்தால் அது ஒரு எர்லாங். ஒருவரே 60 நிமிடம் பேசினாலும் சரி, 30 பேர் ஆளுக்கு 2 நிமிடம் பேசினாலும் சரி, கணக்கு ஒன்றுதான்.

ஒரு 2ஜி டவரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். டவரின் ஒவ்வொரு பக்க ஆன்டெனாவும் ஒரு பகுதியைக் கவனிக்கும். அந்தப் பகுதிக்கு 'செல்' என்று பெயர். ஒரு செல்லில், நாளின் மிக நெரிசலான ஒரு மணி நேரத்தில் 270 அழைப்புகள் வருகின்றன, ஒவ்வொன்றும் சராசரியாக 2 நிமிடம் நீடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 540 நிமிடப் பேச்சு. 60-ஆல் வகுத்தால் 9 எர்லாங். அதாவது எந்த நேரத்தில் எட்டிப் பார்த்தாலும் சராசரியாக 9 பேர் பேசிக்கொண்டிருப்பார்கள்.

'அப்போ 9 சேனல் போதுமே!' என்றுதான் தோன்றும். ஆனால் மக்கள் முறைபோட்டு வரிசையாகப் போன் செய்வதில்லை. ஒரு நிமிடம் 4 பேர் பேசுவார்கள். அடுத்த ஐந்தாவது நிமிடம் 13 பேருக்குப் பேச வேண்டியிருக்கும். முதல் நிமிடத்தில் சும்மா கிடந்த 5 சேனலை எடுத்துவைத்து, பிறகு பயன்படுத்திக்கொள்ளவும் முடியாது. அதனால் 9 சேனல் மட்டும் இருந்தால், நூற்றுக்கு 22 அழைப்புகள் திருப்பி அனுப்பப்படும். 270-ல் சுமார் 60 பேருக்கு பீப் ஒலிதான்.

இந்த 22 எப்படி வந்தது என்பதை உங்கள் போன் கால்குலேட்டரிலேயே போட்டுப் பார்க்கலாம். சேனலே இல்லாவிட்டால் எல்லா அழைப்பும் தோற்கும். தோல்வி விகிதம் 1. அதை எர்லாங் எண்ணான 9-ஆல் பெருக்குங்கள்: 9. இதை (1 + 9)-ஆல் வகுத்தால் 0.9. ஒரு சேனல் இருந்தால் தோல்வி 90 சதவீதம் என்று அர்த்தம். மறுபடி 0.9-ஐ 9-ஆல் பெருக்கினால் 8.1. அதை (2 + 8.1)-ஆல் வகுத்தால் 0.80. இது இரண்டு சேனலுக்கானது. இப்படியே ஒவ்வொரு சேனலாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும்:

```
B(0) = 1
B(n) = A × B(n-1) / (n + A × B(n-1))
```

இதில் A என்பது எர்லாங், n என்பது சேனல் எண்ணிக்கை, B என்பது தோல்வி விகிதம். 9 எர்லாங்குக்குப் போட்டுப் பார்த்தால், 12 சேனலில் தோல்வி 8.3 சதவீதம்; 14 சேனலில் 3.4, 15 சேனலில்தான் 2 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே இறங்குகிறது. நெரிசல் நேரத்தில் நூற்றுக்கு 2 அழைப்பு வரை தோற்கலாம் என்பதுதான் 2ஜி செல்களை வடிவமைப்பவர்கள் வழக்கமாக வைத்துக்கொள்ளும் எல்லை. ஆக, சராசரியாக 9 பேர் பேச 15 சேனல் வேண்டும். நெரிசல் மணியிலும் சராசரியாக 6 சேனல் சும்மா இருக்கும். பீப் ஒலி கேட்காமல் இருப்பதற்குக் கொடுக்கும் விலை அது.

இனி நடைமுறைச் சிக்கலுக்கு வருவோம். 2ஜி-யில் சேனல்களைச் சில்லறையாக வாங்க முடியாது. ஓர் அலைவரிசைக்கு 8 இடம் என்று கட்டாகத்தான் கிடைக்கும். இரண்டு அலைவரிசை போட்டால் 16 இடம். அதில் செல்லின் அறிவிப்புகளுக்கு ஓர் இடம் போய்விடும். அழைப்பை ஏற்படுத்தும் தகவல் பரிமாற்றத்துக்கு, நெரிசலான செல் என்றால் தனியாக இன்னோர் இடம் தேவைப்படும். மிஞ்சுவது 14. ஒரே ஒரு சேனல் குறைந்ததால், தோற்கும் அழைப்புகள் 5-லிருந்து 9 ஆகிவிடுகின்றன. இந்த நிலையில் மூன்றாவது அலைவரிசையைச் சேர்க்க வேண்டும். அல்லது குரல் தரத்தைச் சற்றுக் குறைத்து, ஓர் இடத்தில் இரண்டு பேரைப் பேசவைக்க வேண்டும்.

திருவிழா நாளில் அதே செல்லில் அழைப்புகள் ஒன்றரை மடங்காகி, 270 என்பது 405 ஆனால்? 15 சேனல் இருந்தாலும் தோல்வி 2 சதவீதத்திலிருந்து 3 ஆகாது, 13-க்குத் தாவிவிடும். 53 பேருக்கு இணைப்பு கிடைக்காது. மூன்று அலைவரிசை போட்டு 22 சேனல் வைத்திருந்தால், அதே கூட்டத்திலும் தோல்வி ஒரு சதவீதத்தைத் தாண்டாது.

இந்த இடத்தில்தான் சூத்திரத்தின் எல்லையும் தெரிகிறது. இணைப்பு கிடைக்காதவர் பேசாமல் போய்விடுவார் என்று எர்லாங் கணக்கு நினைத்துக்கொள்கிறது. நாம் அப்படியா? உடனே ரீடயல், மறுபடி ரீடயல். 53 பேரும் இரண்டு தடவை முயன்றால், கூடுதலாக 106 முயற்சிகள் அதே 15 சேனலுக்கு மோதும். நிஜமான தோல்வி 13 சதவீதத்தைவிட அதிகமாகிவிடும்.

டவரைக் கண்காணிப்பவர்கள் ஏமாறக்கூடிய இடமும் ஒன்று உண்டு. நிறைவேறிய பேச்சை மட்டும் அளந்தால், அன்று 13.5 எர்லாங் தேவைக்கு 11.7 எர்லாங்தான் பதிவாகியிருக்கும். அதை வைத்து அடுத்த ஆண்டுக்குத் திட்டம் போட்டால், மீண்டும் பற்றாக்குறைதான். அதனால் சேனல் கிடைக்காமல் திரும்பிய முயற்சிகளின் எண்ணிக்கையையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

4ஜி வழி அழைப்புகளில் இப்படி எண்ணி வைத்த சேனல் கிடையாது. பேச்சும் டேட்டாவும் ஒரே பாதையைப் பகிர்ந்துகொள்கின்றன. எனவே இந்தச் சூத்திரம் அங்கே அப்படியே பொருந்தாது. ஆனால் சராசரிக்கு மட்டும் இடம் வைத்தால் போதாது என்ற பாடம் அங்கேயும் செல்லும்.

சரி, 2ஜி போனில் பீப் ஒலி கேட்டால் என்ன செய்வது? 15 சேனலும் நிரம்பியிருக்க, ஒவ்வொருவரும் சராசரியாக 2 நிமிடம் பேசினால், 8 விநாடிக்கு ஒரு சேனல் காலியாகும். அந்த நொடியில் யார் பொத்தானை அழுத்துகிறாரோ அவருக்குத்தான் அது. கூட்டம் மிகுந்த இடத்தில் அதற்காக மல்லுக்கட்டுவதைவிட, 'வந்து சேர்ந்துவிட்டேன்' என்று ஓர் எஸ்.எம்.எஸ். அனுப்பிவிடலாம். 2ஜி-யில் எஸ்.எம்.எஸ். பேச்சுச் சேனல் வழியாகப் போவதில்லை. தகவல் பரிமாற்றத்துக்கென ஒதுக்கிய அந்தத் தனி இடத்தின் வழியாகப் போகிறது. அதனால் 15 சேனலும் நிரம்பியிருக்கும்போதும் அது போய்ச் சேர வாய்ப்பு உண்டு.