பக்கத்துக் கதிரையில இருக்கிறவளுக்கு அனுப்ப ஏன் லொக்கேஷன்?

போன கிழமை நூலகத்தில நடந்தது இது. ஒரு பாடத்துக்கு நேர்காணல் வீடியோ எடுத்திருந்தம். 740 மெகாபைட். வீடியோ நண்பியின் போனில் இருக்கு, நான் பக்கத்துக் கதிரையில் இருக்கிறன். வட்ஸ்அப்பில் வீடியோவாகப் போட்டால் தரம் குறையும். டொக்கியுமென்டாகப் போட்டால் அவளின்ர டேட்டாவில் 740, என்ர டேட்டாவில் 740. ரெண்டு அடி தூரத்துக்குக் கிட்டத்தட்ட ஒன்றரை ஜிபி!

அவள் உடனே ஃபைல் அனுப்புற அப் ஒன்றை இறக்கினாள். திறந்ததும் ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் கேட்டது: லொக்கேஷன் வேணும், கொன்டாக்ட்ஸ் வேணும், போனில் இருக்கிற எல்லா ஃபைலும் வேணும். "என்னடி இது, எல்லாத்தையும் கேக்குது?" என்றாள். நான் சொன்னன்: "அலவ் குடு, ஒண்டும் நடக்காது."

அந்த வசனத்துக்கு எதிராகத்தான் இதை எழுதுறன். அதைச் சொன்னது நான்தான் என்பதால் எனக்கு எதிராகவும் வைத்துக்கொள்ளுங்கோ.

முதலில், இன்டர்நெட் இல்லாமல் ஃபைல் எப்படிப் போகுது என்று பார்ப்பம். இதில் ரெண்டு வேலை இருக்கு. ஒன்று, பக்கத்தில் எந்தப் போன் இருக்கு என்று தேடிப் பிடிக்கிறது. அதைப் பெரும்பாலும் புளூடூத் செய்யுது. மற்றது, ஃபைலைக் கொண்டுபோறது. அதற்கு ரெண்டு போனும் தங்களுக்கிடையில் நேரடியாக ஒரு வைஃபை இணைப்பைப் போடுகின்றன. நடுவில் ரவுட்டரும் இல்லை, டயலொக்கும் மொபிட்டலும் இல்லை. புளூடூத்தாலேயே முழு வீடியோவையும் அனுப்பினால் விநாடிக்கு 2 மெகாபிட் கணக்கில் 49 நிமிஷம் எடுக்கும். நேரடி வைஃபையில் விநாடிக்கு 20 மெகாபைட் கிடைத்தால் 37 விநாடி போதும். அனுப்பும்போது வேகம் கிலோபைட்டில் ஊர்ந்தால், வைஃபை இணைப்பு விழாமல் புளூடூத்திலேயே போகுது என்று சந்தேகப்படலாம். நிறுத்திப்போட்டு, ரெண்டு போனிலும் வைஃபையை ஓன் பண்ணி, ஹொட்ஸ்பொட்டை ஓஃப் பண்ணித் திரும்ப அனுப்ப வேணும்.

இந்த ரெண்டு வேலையில் எதற்கும் நான் எங்க நிற்கிறன் என்று தெரியத் தேவையில்லை. அப்ப ஏன் லொக்கேஷன்?

"எல்லாம் உளவு பார்க்கத்தான்" என்று சொல்லிவிட்டுப் போகலாம். அது அரை உண்மை. ஒவ்வொரு வைஃபை ரவுட்டருக்கும் ஒரு தனி எண் இருக்கு. எந்த எண் எந்தத் தெருவில் இருக்கு என்ற பெரிய பட்டியல்களைக் கம்பனிகள் வைத்திருக்கின்றன. ஆகவே சுற்றியிருக்கிற வைஃபையையும் புளூடூத்தையும் தேட ஒரு அப்பை விட்டால், ஜிபிஎஸ் இல்லாமலே நீங்க நிற்கிற இடத்தை அது கண்டுபிடிக்கலாம். அதனால் 2015 இல் வந்த அன்ட்ரொயிட் 6 இலிருந்து, இப்படித் தேடுற அப் எதுவும் லொக்கேஷன் அனுமதி வாங்க வேணும் என்று கூகுள் விதி வைத்தது. எண்ணம் நல்லது. ஆனால் விளைவைப் பாருங்கோ. பக்கத்துப் போனைத் தேட மட்டும் விரும்பிய நேர்மையான அப்பும் லொக்கேஷன் கேட்டது. எங்கட இடத்தை விற்க விரும்பிய அப்பும் அதே பெட்டியைக் காட்டித்தான் கேட்டது. ரெண்டையும் பிரித்தறிய எங்களுக்கு வழியே இருக்கேல்ல. அலவ் குடுக்காவிட்டால் ஃபைல் போகாது, அதனால் குடுத்தம். அப்படியே பழகிப்போனம்.

2021 இல் அன்ட்ரொயிட் 12 வந்தபோதுதான் புளூடூத்துக்கு `Nearby devices` என்ற தனி அனுமதி வந்தது. 2022 இல் அன்ட்ரொயிட் 13 இல் நேரடி வைஃபையும் அதற்குள் வந்தது. அதாவது உங்கட போன் அன்ட்ரொயிட் 13 அல்லது அதற்குப் பிந்தியது என்றால், ஃபைல் அனுப்புறதுக்கு மட்டும் இருக்கிற ஒரு அப் லொக்கேஷன் கேட்க நியாயமான காரணம் அனேகமாக இல்லை. ஒன்று, அதைச் செய்தவர்கள் வருஷக்கணக்காகத் திருத்தவில்லை. இல்லாட்டி உங்கட இடம் அவர்களுக்கு வேறு எதற்கோ வேணும். ரெண்டுமே அந்த அப்பை அழிக்கப் போதுமான காரணம்.

"என்ர போனில என்ன இருக்கு, எடுத்துக்கொண்டு போகட்டுமன்" என்று சொல்ற நண்பர்களிடம் ஒன்று கேட்கிறன். கொன்டாக்ட்ஸ் உங்கட சொத்தா? அதில் இருக்கிறது உங்கட அம்மாவின்ர நம்பர், உங்களோடு படிக்கிற பிள்ளைகளின்ர நம்பர். நாங்க நேர்காணல் எடுத்த அம்மாவின்ர நம்பரும் நண்பியின் போனில்தான் இருந்தது. அவரிடம் யாரும் அலவ் கேட்கவில்லை.

இனி வரம்புக்கு வருவம். இங்க எனக்கே ரெண்டு மனம். போனோடு வருகிற பகிர்வு வசதிகளில் யார் எங்களைக் காணலாம் என்று தெரிவு செய்யலாம்: கொன்டாக்ட்ஸ் மட்டுமா, எல்லாருமா? எல்லாருக்கும் திறந்து வைத்த போனுக்கு பஸ்ஸில் முகம் தெரியாத ஒருத்தன் ஆபாசப் படம் அனுப்பலாம். பல நாடுகளில் பெண்களுக்கு நடந்த விசயம் இது. அதனால் ஐபோனின் ஏர்ட்ரொப்பில் `Everyone` என்ற தெரிவு பத்து நிமிஷத்தில் தானாக மூடுகிற மாதிரி மாற்றப்பட்டது. நல்ல வரம்புதான். ஆனால் அது முதலில் வந்தது எங்க, எப்ப? 2022 நவம்பரில், சீனாவில். அதற்கு முதல் மாதம்தான் அங்க அரசுக்கு எதிரான துண்டுப்பிரசுரங்கள் ஏர்ட்ரொப் வழியாகக் கைமாறின. மற்ற நாடுகளுக்கு அது டிசம்பரில்தான் வந்தது. ஒரே பத்து நிமிஷம் பஸ்ஸில் ஒரு பெண்ணைக் காப்பாற்றுது, தெருவில் ஒரு துண்டுப்பிரசுரத்தை நிறுத்துது.

இது எங்களுக்குத் தூரத்துக் கதை இல்லை. 2022 ஏப்ரல் 3 அன்று இங்க ஃபேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் முடக்கப்பட்டன. அப்படியான நாளில் போனிலிருந்து போனுக்கு நேரே போற ஃபைலை சேர்வரில் வைத்துத் தடுக்க ஏலாது. ஆகவே என்ர நிலைப்பாடு இதுதான்: வரம்பு இருக்கட்டும், வழக்கமாக மூடியே இருக்கட்டும். ஆனால் எவ்வளவு நேரம் திறக்கிறது என்பதைப் போனை வைத்திருக்கிறவர் தீர்மானிக்க வேணும், கம்பனி இல்லை.

நூலகத்துக்குத் திரும்புவம். அந்த அப்பை அழித்தம். ரெண்டு போனும் அன்ட்ரொயிட், ரெண்டிலும் குயிக் ஷெயார் ஏற்கெனவே இருந்தது. கூகுளின் நியர்பை ஷெயாரும் சாம்சுங்கின் குயிக் ஷெயாரும் 2024 இல் ஒன்றாகி வந்த வசதி அது. நான் பத்து நிமிஷத்துக்கு எல்லாருக்கும் திறந்தன். அவளின் திரையில் என்ர முழுப் பெயரும் வந்தது. அதுவும் ஒரு பாடம்: பக்கத்தில் தேடுற யாருக்கும் அந்தப் பெயர்தான் தெரியும், அமைப்புக்குள் போய் மாற்றி வையுங்கோ. அவள் அனுப்ப, அவளின் பெயரைப் பார்த்து நான் ஏற்றுக்கொண்டன். ஒரு நிமிஷம்கூட எடுக்கேல்ல.

புதிதாக ஒரு அப்பும் இறக்கத் தேவையிருக்கேல்ல, ஒரு அலவும் குடுக்கத் தேவையிருக்கேல்ல. அடுத்தமுறை ஆராவது "அலவ் குடு, ஒண்டும் நடக்காது" என்றால், "என்னத்துக்கு?" என்று கேளுங்கோ. நான் சொன்னாலும் கேளுங்கோ.