பலகை யாருடையது?

தேநீர்க் கடை வைக்க நினைக்கும் நம் இளைஞர்கள் அண்மைக்காலமாக ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். பிரபலமான கம்பெனியின் ஃபிரான்சைஸ் எடுக்கலாமா, சொந்தப் பெயரில் தொடங்கலாமா? ஃபிரான்சைஸ் பக்கம் சாய்பவர்கள் மெதுவான குரலில் ஒரு காரணமும் சொல்வார்கள்: "கம்பெனி பலகை இருந்தா யாரு கடைன்னு கேக்க மாட்டாங்க."

இதைக் கேட்டுச் சிரிக்க முடியாது. ஐயர், செட்டியார் என்று சாதியையே பலகையில் எழுதி, அதையே நம்பிக்கையாக மாற்றி வியாபாரம் செய்த நாடு இது. இரட்டைக் குவளை வைத்ததும் தேநீர்க் கடைதான். அந்தக் கடைக்கு முதலாளியாக நாம் உட்காரும்போது பெயரைப் பற்றி அச்சம் வருவது இயல்பு. ஆனால் அந்த அச்சத்துக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்று கணக்குப் பார்க்க வேண்டும்.

ஒரு உதாரணம் போடுவோம். நுழைவுக் கட்டணம் 3 லட்சம், ஒப்பந்தம் 5 ஆண்டு, விற்பனையில் 5 சதவீதம் ராயல்டி. கட்டணத்துக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 3,54,000 ரூபாய். அதை 60 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 5,900. நாளொன்றுக்கு 6,000 ரூபாய் விற்றால் மாத விற்பனை 1,80,000. அதில் ராயல்டி 9,000, அதன் மேல் ஜி.எஸ்.டி. 1,620. தேயிலைத் தூளைக் கம்பெனியிடம்தான் வாங்க வேண்டும், சந்தை விலையைவிட கிலோவுக்கு 100 ரூபாய் அதிகம் என்று வையுங்கள். மாதம் 30 கிலோவுக்கு 3,000. மொத்தம் 19,520 ரூபாய். கடை வாடகையும் ஆள் கூலியும் எந்தப் பெயரில் நடத்தினாலும் உண்டு. இந்த 19,520 பெயருக்கு மட்டும் கொடுக்கும் வாடகை.

பால், தூள், சர்க்கரை, எண்ணெய்ச் செலவு போக நூற்றுக்கு ஐம்பது மிஞ்சுகிறது என்றால், இந்த வாடகையை ஈடுகட்ட நாளுக்குச் சுமார் 1,300 ரூபாய் கூடுதலாக விற்க வேண்டும். அதாவது சொந்தப் பெயரில் 4,700 ரூபாய் விற்கும் கடையும் கம்பெனி பெயரில் 6,000 ரூபாய் விற்கும் கடையும் லாபத்தில் சமம். உங்கள் தெருவில் அந்தப் பலகை மட்டும், ஐந்து ஆண்டும் நாள் தவறாமல், 1,300 ரூபாயைக் கூடுதலாகக் கொண்டுவருமா? கையெழுத்துப் போடும் முன் அதே கம்பெனியின் வேறு இரண்டு கடைகளுக்கு எதிரே காலையும் மாலையும் நின்று எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். கம்பெனி காட்டும் விற்பனைத் தாளைவிட அது நம்பகமானது.

இனி அந்த மெதுவான குரலுக்கு வருவோம். பலகை சாதியை எங்கே மறைக்கும்? பேருந்து நிலையத்திலும் நெடுஞ்சாலையிலும் வந்துபோகும் அந்நியரிடம் மறைக்கும். அவர்கள் பெரும்பாலும் கேட்கப் போவதே இல்லை. யார் மகன், எந்தத் தெரு என்று எல்லோருக்கும் தெரிந்த சிற்றூரில், கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் யார் என்பது ஒரே வாரத்தில் தெரிந்துவிடும். மறைப்பு தேவைப்படாத இடத்தில்தான் பலகை மறைக்கிறது; தேவைப்படும் இடத்தில் கைவிடுகிறது. ஆகவே அந்தக் காரணத்துக்காகப் பணம் கொடுக்காதீர்கள். அந்நியர் கூட்டம் பெயரைப் பார்த்து உள்ளே வரும் இடமென்றால், அது வியாபாரக் காரணம். அதற்குக் கொடுக்கலாம்.

ஃபிரான்சைஸ் எடுப்பதென்று முடிவு செய்தால் மூன்றைப் பாருங்கள். கடையின் வாடகை ஒப்பந்தம் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். கம்பெனி பெயரில் இருந்தால் ஐந்தாம் ஆண்டு முடிவில் இடமும் போய்விடும். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுபடி எவ்வளவு கட்டணம் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். ஒப்பந்தக் காலத்தில் போட்டிக் கடை வைக்கத் தடை விதித்தால் அது பொதுவாகச் செல்லும். உச்ச நீதிமன்றம் 1995இல் குஜராத் பாட்லிங் வழக்கில் அப்படித்தான் சொன்னது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் தேநீர்க் கடையே வைக்கக் கூடாது என்ற நிபந்தனையை 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு பொதுவாக ஏற்பதில்லை. இருந்தும் வழக்காடும் செலவு உங்களுடையது. கையெழுத்துக்கு முன்பே அந்த வரியை நீக்கச் சொல்லுங்கள்.

அண்ணல் அம்பேத்கர் பிசினஸ் சாம்பியன்ஸ் திட்டத்தில் 35 சதவீத மூலதன மானியம் கேட்கப் போகிறவர்கள், நுழைவுக் கட்டணம் மானியக் கணக்கில் சேருமா என்று மாவட்டத் தொழில் மையத்தில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். இயந்திரமும் பாத்திரமும் உங்கள் சொத்து. கட்டணம் அப்படியல்ல.

சொந்தப் பெயர் என்றால், பலகை எழுதும் முன் அந்தப் பெயரை வணிகச் சின்னமாகப் பதியுங்கள். தனிநபர் இணையத்தில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். உணவகச் சேவை 43ஆம் வகுப்பு. பதிவு 10 ஆண்டு செல்லும், புதுப்பித்துக்கொண்டே போகலாம். முதல் ஆண்டு விற்பனை குறைவாகத்தான் இருக்கும். ஆறு மாத வாடகையும் கூலியும் கையிருப்பில் இல்லாமல் இறங்க வேண்டாம். ஆனால் ஐந்தாம் ஆண்டு கடையை விற்றாலும் பெயருக்கும் சேர்த்து விலை கேட்கலாம். ஃபிரான்சைஸ் கடையில் அந்தப் பங்கு கம்பெனியுடையது. நிலம் இல்லாமல் பிறர் நிலத்தில் உழைத்தவர்களின் பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசத்தை விளக்கத் தேவையில்லை.