இது யாற்ற பூனை?

எங்கட குழுவில ஒருத்தியின்ர அம்மம்மாவிடம் நாங்கள் ஒரு படத்தைக் காட்டினோம். நாங்கள் செய்துகொண்டிருக்கிற சின்ன கணினி விளையாட்டில், பாத்திரங்கள் கதைக்கும்போது திரையின் மூலையில் வருகிற முகப்படம் அது. அவவின் பூனை செம்பியை வைத்து வரைந்தது. செம்பி போன மாரியில் செத்துப்போனது. அம்மம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கனநேரம் பார்த்தா. பிறகு சொன்னா: "நல்ல வடிவான பூனை. இது யாற்ற பூனை?"

இரண்டு கிழமை வேலை அந்த ஒரு கேள்வியில் முடிந்தது. பெரிய கண், உருண்டைக் கன்னம், சுத்தமான கோடு என்று விளையாட்டுப் படத்துக்கு வேண்டிய எல்லாம் அதில் இருந்தது. செம்பி மட்டும் இல்லை. பிறகு நாங்கள் அதைத் திரும்ப வரைந்தோம். அந்த வேலையில் எங்களுக்கு வந்த அபிப்பிராயம் இதுதான்: வளர்ப்புப் பிராணியின் முகப்படத்தில் பாணி இரண்டாவது. உரோமத்தின் நிறமும், திட்டுகள் இருக்கிற இடமும்தான் முதலாவது. பெரும்பாலான ஆட்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் செய்தோம்.

ஏன் திட்டுகள் இவ்வளவு முக்கியம்? செம்பி வெள்ளை, கறுப்பு, செம்மஞ்சள் கலந்த மூன்று நிறப் பூனை. செம்மஞ்சள் நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெட்டைப் பூனைக்கு எக்ஸ் இரண்டு. கரு வளரும்போது ஒவ்வொரு கலமும் அந்த இரண்டில் ஒன்றைத் தற்செயலாக மூடிவிடும். எந்தக் கலம் எதை மூடுகிறது என்பதைப் பொறுத்துத்தான் எங்கே கறுப்பு, எங்கே செம்மஞ்சள் என்று அமையும். 2001 டிசம்பரில் அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில், ரெயின்போ என்ற மூன்று நிறப் பூனையின் கலத்திலிருந்து படியாக்கம் செய்த சிசி என்ற பூனை பிறந்தது. உலகின் முதல் படியாக்கப் பூனை அது. மரபணு ஒன்றுதான், ஆனால் சிசியில் செம்மஞ்சள் நிறமே வரவில்லை. மரபணுவாலேயே திரும்பக் கொண்டுவர முடியாத ஒன்றை நாங்கள் "ஏதோ ஒரு கறுப்புத் திட்டு" என்று போட்டால், அது வேறு பூனைதான்.

எங்களிடம் இருந்தது இரண்டே போன் படங்கள். ஒன்று, இரவில் மஞ்சள் பல்புக்குக் கீழே வாசற்படியில் படுத்திருக்கிறது. மற்றது, மச்சாள் ஒருத்தி செம்பியைத் தூக்கி வைத்து எடுத்த செல்ஃபி. முகம் நேராகத் தெரிந்தது செல்ஃபியில்தான். அதனால் திட்டுகளை அதிலிருந்தும், நிறங்களை வாசற்படிப் படத்திலிருந்தும் எடுத்தோம். இரண்டிலும் பிழைத்துப்போனோம்.

முதலில் செல்ஃபி. முதல் தடவை வரைந்து முடிந்த பிறகுதான் ஒருத்தன் கவனித்தான், செம்பிக்குப் பின்னால் தொங்குகிற நாட்காட்டியில் எழுத்துகள் எல்லாம் மறுபக்கமாக இருந்தன. சில போன்களின் முன் கெமரா படத்தைக் கண்ணாடி போலத் திருப்பிச் சேமிக்கும். வாசற்படிப் படத்தில் கறுப்புத் திட்டு செம்பியின் இடது கண்ணில். நாங்கள் வரைந்ததில் அது வலது கண்ணில் இருந்தது. இடம் வலம் மாறினால் யாருக்குத் தெரியப்போகுது என்று நினைக்காதீங்க. தினமும் பார்த்த முகம் என்றால், காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் "இது இல்லை" என்று தெரியும். ஆகவே படம் கிடைத்ததும் பின்னால் இருக்கிற எழுத்தைப் பாருங்கள். எழுத்து இல்லாவிட்டால் வேறொரு படத்தோடு ஒத்துப் பாருங்கள். குறிப்பு எழுதும்போது எப்போதும் பூனையின் இடது, பூனையின் வலது என்றே எழுதுங்கள்.

அடுத்தது நிறம். வரையும் மென்பொருளில் நிறம் எடுக்கிற கருவியை வெள்ளை உரோமத்தில் வைத்தோம். அது `#D9B784` என்று காட்டியது. அது வெள்ளையே இல்லை, பல்பின் மஞ்சள் ஏறிய நிறம். "படத்தில் இருக்கிறதைத்தானே எடுத்தோம்" என்று அப்படியே பூசினோம். வெள்ளைக்கும் செம்மஞ்சளுக்கும் இடையில் வித்தியாசம் குறைந்து, செம்பி ஒரு மஞ்சள் பூனையாக மாறிப்போனது. எங்கட கண் பல்பு வெளிச்சத்தைத் தானாகக் கழித்துவிட்டு வெள்ளையை வெள்ளையாகப் பார்க்கும். நிறம் எடுக்கிற கருவி கழிக்காது.

இதைத் திருத்த, படத்துக்குள்ளேயே உண்மையில் வெள்ளை அல்லது சாம்பல் என்று நீங்கள் அறிந்த ஒரு பொருள் வேண்டும். எங்களுக்கு வாசற்படியில் இருந்த வெள்ளைப் பீங்கான் தட்டு உதவியது. ஜிம்ப் என்கிற இலவச மென்பொருளில் `Colors > Levels` திறந்தால், அங்கே சாம்பல் புள்ளியைத் தெரிவுசெய்கிற சிறிய கருவி ஒன்று இருக்கும். அதால் தட்டைத் தொட்டதும் படம் முழுக்க மஞ்சள் இறங்கியது. தட்டில் வெளிச்சம் அடித்து வெளிறிப்போன இடத்தைத் தொடக்கூடாது, அங்கே கெமராவுக்கே நிறம் தெரிந்திருக்காது. நிழல் பக்கத்தைத் தொடுங்கள். பிறகு நிறம் எடுக்கும்போது `Sample average` என்பதை இயக்கினால், ஒற்றைப் புள்ளியின் நிறத்துக்குப் பதிலாகச் சுற்றியுள்ள உரோமத்தின் சராசரி கிடைக்கும். இப்போது வெள்ளை `#D6D2CB`, செம்மஞ்சள் `#C77B3A`, கறுப்பு `#2E2A2B`. அம்மம்மாவின் பேத்தி அதைப் பார்த்து, "ஓம், இதுதான் செம்பியின்ர நிறம்" என்றாள். கடைசித் தீர்ப்பு அதுதான். இலக்கம் அங்கே போகிற வழி மட்டும்.

இனி வரைதல். ஸ்டார்டியூ வேலி என்ற விளையாட்டை ஒருவர் தனியாகச் செய்தார், அது 2016இல் வெளியானது. அதில் பாத்திரங்களின் முகப்படங்கள் 64க்கு 64 புள்ளிகள்தான். நாங்களும் அந்த அளவையே எடுத்தோம். புகைப்படத்தை அப்படியே 64 புள்ளிக்குச் சுருக்கினால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். சுருக்கிப் பார்த்தோம். நூற்றுக்கணக்கான நிறங்களும், திட்டின் ஓரங்கள் எல்லாம் சேறாகக் கரைந்த முகமும்தான் வந்தது. எதைக் காப்பாற்றுவது, எதை விடுவது என்று சுருக்குகிற கருவிக்குத் தெரியாது. அதை நாங்கள்தான் தீர்மானிக்கவேண்டும்.

தீர்மானிக்க ஒரு சின்னக் கணக்குப் போட்டோம். செம்பியின் முகம் கன்னத்துக்குக் கன்னம் ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் என்று வைத்தோம். படத்தில் முகத்துக்குக் கிடைப்பது 40 புள்ளி அகலம். அப்படியென்றால் ஒரு புள்ளி இரண்டரை மில்லிமீற்றர். மூக்குக்கு வலப்பக்கம் இருந்த கறுப்புப் பொட்டு 4 மில்லிமீற்றர் அளவு, ஆகவே ஏறத்தாழ ஒன்றரைப் புள்ளி. அதைத் துணிந்து இரண்டாக்கினோம். முதல் தடவை "தூசி மாதிரி இருக்கு" என்று விட்டது அதைத்தான். மீசை முடி ஒரு புள்ளிக்கும் குறைவு, அதை விட்டோம். மீசை எல்லாப் பூனைக்கும் இருக்கு. அந்தப் பொட்டு செம்பிக்கு மட்டும்தான்.

வரைய முதல், திருப்பிச் சரியாக்கிய செல்ஃபியின் மேல் ஒரு வரைபடம் கீறினோம். இடது காதிலிருந்து கறுப்பு இறங்கி, இடது கண்ணை மூடி, கண்ணுக்குக் கீழே நிற்கிறது. வலது காதும் நெற்றியின் வலப்பக்கமும் செம்மஞ்சள். இரண்டுக்கும் இடையில் வெள்ளைக் கீற்று, சரியாக நடுவில் இல்லாமல் கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்து, மூக்கடியில் அகலிக்கிறது. அந்தச் சாய்வை நேராக்கினால் முகம் இன்னும் வடிவாகும். விளையாட்டுப் படம் வரைகிற கை தானாக நேராக்கப் பார்க்கும். விடாதீங்க.

நிறங்களை 13க்குள் வைத்தோம். மூன்று உரோம நிறத்துக்கும் நடு, நிழல், வெளிச்சம் என்று மூன்று மூன்றாக 9, கண்ணுக்கு 2, மூக்குக்கு 1, வெளிக்கோட்டுக்கு 1. செம்மஞ்சளின் நிழலுக்கு அதையே கறுப்பாக்காமல் சிவந்த கபிலத்தை எடுத்தோம், இல்லாவிட்டால் அழுக்குப் பிடித்த மாதிரி வரும்.

மிகவும் வில்லங்கம் தந்தது, நிழலா திட்டா என்ற குழப்பம். கன்னத்துக்குக் கீழே வெள்ளையில் போட்ட நிழல் கொஞ்சம் இருண்டதும், செம்பிக்கு நான்காவதாக ஒரு சாம்பல் திட்டு முளைத்துவிட்டது. அதற்கு நாங்கள் கண்ட விதி: வெள்ளையின் நிழல், மற்ற நிறங்களின் வெளிச்சத்தை விடவும் வெளிச்சமாக இருக்கவேண்டும். கண்ணிலும் இதே கரைச்சல். கறுப்புத் திட்டின் ஓரம் மூக்கை நோக்கிச் சரிந்திருந்தது, சின்ன அளவில் அது சுருக்கிய புருவமாகத் தெரிந்து, செம்பி கோபக்காரியாகிவிட்டாள். கறுப்பைக் காது வரைக்கும் ஒரே துண்டாகத் தொடரவிட்டு, கண்ணைச் சுற்றி மட்டும் மெல்லிய வெளிச்சக் கோடு போட்டதும் கோபம் போய்விட்டது. இந்த மாதிரிப் பிழை பெரிதாக்கிய திரையில் தெரியாது. ஒவ்வொரு பத்து நிமிடமும் உண்மையான அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள்.

"விளையாட்டில் ஒரு பூனை பூனை மாதிரி இருந்தால் போதாதா?" என்று எங்கட குழுவுக்குள்ளேயே கேட்டார்கள். கற்பனைப் பூனை என்றால் போதும். ஒரு வீட்டுப் பூனையின் பெயரைப் போட்டு, அதை வளர்த்த ஆளிடம் நீட்டும்போது போதாது. அந்த ஆள் பாணியைப் பார்க்கப்போவதில்லை, தன்ர பூனையைத் தேடப்போகிறார்.

இரண்டாவது படத்தை அம்மம்மாவிடம் கொண்டுபோனோம். ஒன்றும் சொல்லாமல் போனைக் கையில் கொடுத்தோம். இந்தமுறை யாற்ற பூனை என்று அவ கேட்கவில்லை. கொஞ்சம் கோபமாகத்தான் கேட்டா: "வலது காதில கடுவன் கடிச்ச இடம் எங்க?"

எங்களிடம் இருந்த இரண்டு படத்திலும் அந்தக் காது சரியாகத் தெரியவில்லை. எந்த இடம், எவ்வளவு ஆழம் என்று கேட்டோம். அவ தன்ர காதைத் தொட்டுக் காட்டினா. வெளிக்கோட்டில் இரண்டு புள்ளியை அழித்தோம்.