முட்டு வருவதற்கு முன் மண்ணைத் தள்ளாதீர்கள்!

தரைக்குக் கீழே கார் நிறுத்த இடம் தோண்டும் மனைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "சுவர் காங்கிரீட் போட்டு பத்து நாள் ஆச்சு சார். பொக்லைன் வாடகைக்கு நிக்குது. பின்னாடி மண்ணைத் தள்ளிட்டா வேலை செய்ய இடம் கிடைக்கும். மேல் தளம் அடுத்த மாசம் போட்டுக்கலாம்." உரிமையாளரும் தலையாட்டுவார். வாடகை மிச்சமாயிற்றே!

இந்தப் பேச்சு தவறு. கொஞ்சம் தவறு என்று கூடச் சொல்ல முடியாது. அந்தச் சுவர் எந்த நம்பிக்கையில் வரையப்பட்டதோ, அந்த நம்பிக்கையையே அடித்து நொறுக்குகிற தவறு. எப்படி என்று பார்ப்போம்.

முதலில் ஒரு சொல் விளக்கம். நம் ஊர் மேஸ்திரிகளுக்கு 'பேஸ்மட்டம்' என்றால் தரைக்கு மேலே எழும் பீடம். இங்கே பேச்சு அதைப் பற்றி அல்ல. தரைக்குக் கீழே மூன்று மீட்டர் ஆழத்தில் இருக்கும் அறையையும், அதைச் சுற்றி மண்ணைத் தடுத்து நிற்கும் காங்கிரீட் சுவரையும் பற்றியது. அந்தச் சுவரின் கால் அடியிலுள்ள ராஃப்ட் காங்கிரீட்டில் ஊன்றியிருக்கும். தலை, தரைமட்டத்தில் வரும் தளத்தில் முட்டியிருக்கும். அந்தத் தளத்தை எல்லோரும் கீழறைக்குக் கூரை என்றும், மேல் வீட்டுக்குத் தரை என்றும் மட்டுமே நினைக்கிறார்கள். அதற்கு மூன்றாவது வேலை ஒன்று உண்டு. சுவரின் தலை உள்ளே சாயாமல் பிடித்துக்கொள்ளும் முட்டு அதுதான்.

இனி மண் எவ்வளவு தள்ளும்? இங்கேதான் முதல் ஏமாற்று. சாலையோரத் தடுப்புச் சுவர் போல தலை சுதந்திரமாக இருக்கும் சுவர், மண் தள்ளியதும் வெளிப்பக்கம் கொஞ்சம் சாயும். மூன்று மீட்டர் உயரத்துக்கு மூன்று மில்லிமீட்டர் சாய்ந்தாலே, இறுகிய மணலில் மணிகள் ஒன்றன்மேல் ஒன்று உராய்ந்து தங்கள் எடையில் ஒரு பங்கைத் தாங்களே தாங்கிக்கொள்ளும். இளகிய மணலாக இருந்தால் இன்னும் சில மில்லிமீட்டர் சாய வேண்டும். ஆற்று மணலுக்கு உராய்வுக் கோணம் 30 பாகை என்று வைத்துக்கொண்டால், செங்குத்து எடையில் மூன்றில் ஒரு பங்குதான் பக்கவாட்டில் சுவர் மேல் வரும். 1857-இல் ராங்கின் கொடுத்த கணக்கு இது.

தலையைத் தளம் இறுக்கிப் பிடித்திருக்கும் சுவரால் சாய முடியாது. சாயாத சுவருக்கு மண் சலுகை தராது. அங்கே உராய்வு முழுதாக விழித்துக்கொள்வதே இல்லை. 1944-இல் ஹங்கேரிக்காரர் யாக்கி கொடுத்த எளிய சூத்திரம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: K0 = 1 − sin φ. 30 பாகைக்கு அது 0.5. அதாவது மூன்றில் ஒன்று அல்ல, பாதி. ஒரே மணல், ஒரே உயரம், ஆனால் சுமை ஒன்றரை மடங்கு. தளத்தில் முட்டிய சுவருக்குத் தடுப்புச் சுவர்க் கணக்கை அப்படியே நகலெடுத்துப் போடும் வரைபடங்கள் இங்கேயே தோற்றுவிடுகின்றன.

சரி, சரியான கணக்கையே போட்டுவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். சுவரில் ஒரு மீட்டர் நீளத் துண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மணல் கன மீட்டருக்கு 1.8 டன். மூன்று மீட்டர் ஆழத்தில் செங்குத்து அழுத்தம் சதுர மீட்டருக்கு 5.4 டன். அதில் பாதி, 2.7 டன், சுவரின் அடியில் பக்கவாட்டில் தள்ளும். மேலே வரவரக் குறைந்து தரைமட்டத்தில் பூஜ்யம். மொத்தத் தள்ளல் 4.05 டன். கால் நன்றாக ஊன்றி, தலை தளத்தில் முட்டியிருந்தால் இதில் ஐந்தில் ஒரு பங்கு, சுமார் 0.8 டன், தளத்துக்குப் போகும். இருபது மீட்டர் நீளச் சுவர் என்றால் தளத்தின் ஓரத்தில் 16 டன்! மீதி காலுக்கு. சுவரை அடியில் ஒடிக்கப் பார்க்கும் அளவை பொறியாளர்கள் 'மொமென்ட்' என்பார்கள். முட்டு இருக்கும்போது அது 1.62 டன்-மீட்டர். வரைபடத்தில் மண்பக்கக் கம்பி இதற்குத்தான் போடப்பட்டிருக்கிறது.

இப்போது தளம் போடாமல் மண்ணைத் தள்ளுங்கள். முட்டு இல்லை. சுவர் சாயும். சாய்வதால் மண்ணும் சலுகை தந்து மூன்றில் ஒரு பங்காகக் குறையும். அந்தச் சலுகையை முழுதாகக் கொடுத்தே கணக்குப் பார்த்தாலும், அடியில் வரும் மொமென்ட் 2.7 டன்-மீட்டர். 1.62-க்கு வரைந்த சுவரில் 2.7. ஏறத்தாழ 1.67 மடங்கு.

"அப்படின்னா இத்தனை சுவரும் ஏன் விழலை? நின்னுட்டுத்தானே இருக்கு?"

மேஸ்திரியின் இந்தக் கேள்வி நியாயமானது. பதில் ஐ.எஸ். 456 விதிநூலின் வழக்கத்தில் இருக்கிறது. சுமையை 1.5-ஆல் பெருக்குகிறார்கள். கம்பியின் வலுவை 1.15-ஆல் வகுக்கிறார்கள். இரண்டையும் சேர்த்தால் 1.7 சொச்சம். சுவர் நிற்பது மேஸ்திரியின் அனுபவத்தால் அல்ல. மோசமான காங்கிரீட்டுக்கும், இடம் மாறிய கம்பிக்கும், எதிர்பாராத லாரிக்கும் என்று ஒதுக்கி வைத்த காப்பு நிதி மொத்தத்தையும் முதல் நாளே எடுத்துச் செலவழித்துவிட்டதால். கணக்குப் புத்தகம் தெரிந்த யாரும் இதை லாபம் என்று எழுத மாட்டார்கள். கையிருப்பைக் கரைத்து ஈவுத்தொகை கொடுக்கும் கம்பெனியும் கொஞ்ச நாள் நன்றாகத்தான் தெரியும். பிறகு அந்தப் பொக்லைனே சுவரின் முதுகோரம் வந்து நின்றால்? கொடுக்க மிச்சம் எதுவும் இல்லை.

ஸ்ரீரங்கத்தில் இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று காத்திருக்கிறது. அது தண்ணீர். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் மணல் தீவு அது. ஆற்று மணலில் தண்ணீர் எவ்வளவு தாராளமாக ஓடும் என்பதற்கு, ஆற்றுப்படுகைக் கிணறுகளிலிருந்து திருச்சிக்கு வரும் குடிநீரே சாட்சி. மேட்டூரை ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். ஆற்றில் நீர் வந்து அம்மா மண்டபத்துப் படிகள் நனைந்தால், நிலத்தடி நீரும் ஏறும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் முக்கொம்பில் கொள்ளிடம் கதவணையே உடைந்தது. கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலமும் இடிந்தது. அப்படிப்பட்ட ஓர் ஆண்டில் முட்டில்லாத சுவரின் கதி என்ன?

தண்ணீருக்கு உராய்வு கிடையாது. பாதி, மூன்றில் ஒன்று என்ற பேச்சே இல்லை; முழு எடையும் பக்கவாட்டில் தள்ளும். நீர் தரைமட்டம் வரை ஏறினால் அடியில் நீர் மட்டும் சதுர மீட்டருக்கு 3 டன். மூழ்கிய மணலின் எடை கன மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டன்னாகக் குறையும். சலுகையோடு அதன் பங்கு 1 டன். ஆக 4 டன். முட்டில்லாச் சுவரின் அடியில் மொமென்ட் 6 டன்-மீட்டர். 1.62 எங்கே, 6 எங்கே!

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நல்ல பொறியாளர் நீர் முழுதும் ஏறும் என்று வைத்தே சுவரை வரைந்திருப்பார். அப்போது முட்டோடு கூடிய கணக்கில் அடி மொமென்ட் 2.7 டன்-மீட்டர் வரும். அந்தச் சுவர், முட்டில்லாமல் உலர்ந்த மணலைத் தாங்கிவிடும். ஆனால் அதே சுவருக்குத் தளம் வருவதற்குள் நீர் ஏறினால் அடியில் வருவது 6, அதாவது 2.2 மடங்கு. காப்பு நிதியோ 1.7 சொச்சம்தான். நீர் இறைக்கும் மோட்டார் ஓர் இரவு நின்றால் போதும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? அபாயம் தெரிகிற இடத்தில் வருவதில்லை என்பதுதான் வேதனை. அடியில் ஒடியும் சுவரின் விரிசல் மண்பக்கத்தில் விழும். மண் அதை மூடியிருக்கும். உள்ளே நின்று பார்ப்பவருக்குச் சுவர் பளிங்கு போலத் தெரியும். அதனால் மண் போடுவதற்கு முன்பும் பின்பும் சுவரின் தலையிலிருந்து தூக்குக்குண்டு விட்டு அளந்து எழுதி வைக்க வேண்டும். சுவருக்குப் பின்னால், தலைமட்டத்தில், மண்ணுக்கும் காங்கிரீட்டுக்கும் நடுவே நீளமாக ஒரு வெடிப்பு தெரிந்தால் சுவர் நகர்ந்துவிட்டது என்று அர்த்தம். ராஃப்டும் சுவரும் சேரும் அடி மூட்டில் மழைக்குப் பின் ஈரக்கோடு ஓடினால் சந்தேகம் உறுதியாகிறது. அப்படிச் சாய்ந்த சுவரின் மேல் தளத்தைப் போட்டு மூடிவிட்டால் சாய்வும் விரிசலும் அப்படியே உறைந்துவிடும். நாளடைவில் மண் இறுகி, அழுத்தம் மறுபடி பாதிப் பங்கை நோக்கி ஏறும்.

தளம் போட்ட பிறகும் ஓர் ஓட்டை பாக்கி. கார் இறங்கும் சாய்தளமும் மாடிப்படியும் பெரும்பாலும் சுவரை ஒட்டியே வருகின்றன. அங்கே தளம் வெட்டுப்பட்டிருக்கும். தளம் இல்லாத இடத்தில் முட்டும் இல்லை. வரைபடத்தில் சுவர் முழுக்க ஒரே கம்பி காட்டியிருந்தால், அந்தச் சில மீட்டருக்கு என்ன ஏற்பாடு என்று உரிமையாளர் கேட்கத்தான் வேண்டும். திறப்பின் ஓரமாகக் கிடைமட்டத்தில் வளையும் ஓர் உத்திரமோ, அந்தப் பகுதிக்குத் தனியாகக் கணக்கிட்ட கனத்த சுவரோ இருக்க வேண்டும்.

"மண்ணை எங்க சார் கொட்டறது? தெருவே பத்தடி!" என்ற வாதம் மட்டும் உண்மையானது. ஸ்ரீரங்கத்தின் சந்துகளில் தோண்டிய மணலைக் குவித்து வைக்க இடம் கிடையாது. லாரியில் அனுப்பித் திரும்ப வாங்குவது செலவுதான். ஆனால் அது ஒரு முறை வரும் செலவு. எப்படியும் போடப்போகிற தளம். வரிசையை மட்டும்தான் மாற்றச் சொல்கிறோம். காத்திருக்கவே முடியாது என்றால், பொறியாளர் கணக்கிட்டுத் தரும் சாய்வு முட்டுகளை உள்ளேயிருந்து கொடுத்து, அவற்றின் காலை ராஃப்டில் ஊன்றலாம். சென்ட்ரிங்குக்கு வந்த சவுக்குக் கட்டைகளைச் சாய்த்து வைப்பதற்குப் பெயர் முட்டு அல்ல.

அமெரிக்காவின் வீட்டுக் கட்டட விதிநூல் இதை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது: சுவர் போதிய வலுப்பெற்று மேல் தளத்தோடு பிணைக்கப்படும் வரை, அல்லது தகுந்த முட்டு கொடுக்கப்படும் வரை, பின்னால் மண் போடக் கூடாது. நான்கடிக்குக் குறைந்த மண்ணுக்கு மட்டும் விலக்கு. இங்கே அந்த ஒரு வரியை வரைபடத்தின் மூலையில் தமிழில் எழுதி வைக்க என்ன தடை? "மேல் தளம் காங்கிரீட் போட்டு வலுப்பெற்ற பிறகே மண் நிரப்பவும், எதிரெதிர்ப் பக்கங்களில் சமமாக, சிறுசிறு அடுக்காக நிரப்பவும், கனத்த வண்டி சுவரோரம் வரக் கூடாது." மேஸ்திரி படிப்பார். பொக்லைன் ஓட்டுநர் படிப்பார். ஆங்கிலத்தில் வரைந்து சுருட்டி வைத்த தாளை யாரும் படிப்பதில்லை.

அந்த வரியை எழுதாத பொறியாளருக்கும், எழுதியிருந்தும் பொக்லைன் வாடகைக்காகத் தாண்டிப்போகும் ஒப்பந்ததாரருக்கும் பொறுப்பு சமம். உரிமையாளருக்கும் ஒரு பங்கு உண்டு. வாடகை மிச்சம் என்று தலையாட்டியவர் அவர்தானே?